டொம்பிலானுக்குப் போட்ட காற்புள்ளிகள்

அந்தப் பதிப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருடமாகச் சிறுவர் புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்க்கிறவள். முதல் பக்கத்தில் பூனைக்குட்டிக்கு வைத்த பெயர் கடைசிப் பக்கத்தில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் போதும், மூக்கில் வியர்த்துவிடும். பட்டப்பெயர் வைத்தது கிடங்குக்காரர். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான்.

ஆனால் பெருமை வயிற்றை நிரப்புமா? மூன்று வருடமாக அவள் எழுதிய படக்கதை ஒன்று எடிட்டரம்மாவின் மேசை இழுப்பறையில் தூங்கிக்கொண்டிருந்தது. தெருவிளக்கு ஒன்றைப் பற்றிய கதை. பதினாறு முறை திருத்தி எழுதியது. அதில் ஒரு பிழை காட்டுங்கள் பார்ப்போம், முடியாது. எடிட்டரம்மா ஒவ்வொரு வருடமும் அதை எடுத்துப் புரட்டி, "நல்லாத்தாம்மா இருக்கு" என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்துவிடுவார். அந்த 'நல்லாத்தாம்மா'வைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது.

அந்தத் திங்கட்கிழமை எடிட்டரம்மா அவளைக் கூப்பிட்டு, இருபத்துநான்கு பக்கமுள்ள ஒரு புரூஃப் கட்டை மேசையில் வைத்தார்.

"இந்த வருஷம் நாலு புக்கு. மூணு முடிவாயிடுச்சு. நாலாவது இடத்துக்கு இது. இது சரிவரலைன்னா உன்னோடதைப் போட்டுடலாம்னு இருக்கேன். நீயே பாரு. உன் தங்கச்சி எழுதினதுன்னு தெரியும். உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா, சொல்லு?"

இதைத்தான் பால்குடத்துக்குப் பூனையைக் காவல் வைப்பது என்பார்கள். எடிட்டரம்மா கெட்டிக்காரர்தான், ஆனால் அக்கா தங்கை இல்லாமல் ஒற்றையாய் வளர்ந்தவர். அவருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அவள் குட்டி. முப்பத்தொரு வயதாகியும் குட்டிதான். நாலு வேலையில் சேர்ந்து நாலையும் விட்டவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, துணி காய்கிற நேரத்தில் ஒரு கதை எழுதினாள். அக்காவிடமே ஒரு உறை கேட்டு வாங்கி, அதில் போட்டு, அக்காவின் ஆபீசுக்கே அனுப்பினாள். எடுத்துக்கொண்டுவிட்டார்கள்! பதினாறு முறை திருத்தியது இழுப்பறைக்குள் கிடக்கிறது, துணி காய்கிற நேரத்தில் எழுதியது அச்சுக்குப் போகிறது. இதற்கு வயிறு எரியாவிட்டால் அது வயிறே இல்லை.

கதை இதுதான். டொம்பிலான் என்று ஒரு பெரிய உருவம். கனமாக நடப்பான். அவன் காதுக்குள் கிச்சுமி என்று சுண்டுவிரல் அளவுக்கு ஒன்று குடியிருக்கும். இரண்டும் முக்குமலைக்குப் போகின்றன. அவ்வளவுதான்.

முதல் நாள் அவள் ஒழுங்காகத்தான் வேலை பார்த்தாள். இதை யாரும் மறுக்கக் கூடாது. முதலில் ஒரு தாள் எடுத்துப் பெயர்ப்பட்டியல் போட்டாள். குட்டிக்கு நிதானம் ஏது? டொம்பிலான் நான்காம் பக்கத்தில் டொம்பிளான், பத்தில் டொம்புலான். கணினியில் தேடினால் எல்லாம் அகப்பட்டுவிடும் என்று இளசுகள் நினைக்கும். அகப்படாது. டொம்பிலானை, டொம்பிலானுக்கு, டொம்பிலானோடு என்று பெயர் வால் முளைத்து ஓடும். அதனால் பட்டியலில் ஒவ்வொரு வாலையும் தனித்தனியாக எழுதி, பக்க எண் போட்டு, விரலை வைத்துத் தேடினாள். கிச்சுமி ஓரிடத்தில் 'சொன்னாள்', இன்னோரிடத்தில் 'சொன்னது'. ஒரே கிச்சுமி, பாதிக் கதையில் எப்படி மாறும்? 'அது' என்று முடிவு செய்து ஓரத்தில் கேள்விக்குறி போட்டு, எழுதியவளைக் கேட்க வைத்துக்கொண்டாள். படங்களுக்குள் இருக்கிற எழுத்தை மட்டும் மறுநாளைக்கு என்று ஒதுக்கிவைத்தாள்.

பிறகு நிறுத்தக்குறிகள். ஐந்து வயதுக் குழந்தைக்கு வாசிக்கிற புத்தகத்தில் முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, தேவைக்குக் காற்புள்ளி, இவை போதும் என்பது ஆபீஸ் வழக்கம். ஆச்சரியக்குறி புத்தகத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குட்டி வரிக்கு மூன்று போட்டிருந்தாள். புள்ளிபுள்ளியாக இழுத்தும் வைத்திருந்தாள். எல்லாவற்றையும் அக்கா களை பிடுங்குகிற மாதிரிப் பிடுங்கினாள். பிடுங்கிய பிறகு ஆறாம் பக்கம் இப்படி நின்றது:

டொம்பிலான் நடந்தான். டொம். டொம். டொம்.
மேட்டில் ஏறினான். டொம். டொம். டொம்.
பள்ளத்தில் இறங்கினான். டொம். டொம்.

மூன்றாவது டொம் அங்கே இல்லை. பக்கத்தைத் திருப்பினால் அடுத்த பக்கம் முழுக்கச் சேறு. சேற்றில் டொம்பிலான் தலைகீழாக. அடியில் ஒரே ஒரு சொல்: டொம்.

அவள் வாய்விட்டு வாசித்துப் பார்த்தாள். அது அவள் பழக்கம், குழந்தைப் புத்தகத்தைக் கண்ணால் மட்டும் பார்க்கிறவர் மெய்ப்புப் பார்க்கிறவரே இல்லை என்பாள். பக்கத்தைத் திருப்பினாள். சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. அவளுடைய தெருவிளக்கு ஒருநாளும் அவளைச் சிரிக்க வைத்ததில்லை.

அன்று சாயங்காலம் அம்மா போன் பண்ணினாள்.

"ஏண்டி, சின்னவ புக்கு போடறாளாமே! பக்கத்து வீட்டுல, எதிர் வீட்டுல எல்லாம் சொல்லிட்டேன். நீயும்தான் அங்க இத்தனை வருஷமா இருக்கே, ஒரு வார்த்தை சொன்னியா?"

"நான் அங்க வேலை பாக்கறேம்மா."

"அதைத்தான் சொல்றேன். நீ வேலை பாக்கறே. அவ எழுதறா பாரு."

அம்மா இதை வஞ்சகமாகச் சொல்லவில்லை. அம்மாக்கள் இப்படித்தான், ஒரு பிள்ளையைத் தூக்கும்போது இன்னொரு பிள்ளையின் காலை மிதித்துவிட்டுக் கவனிக்காமல் போவார்கள். ஆனால் மிதிபட்டவளுக்கு வலித்தது.

செவ்வாய்க்கிழமை அவள் புதிய பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமைத் திருத்தங்களை அதில் அப்படியே ஏற்றினாள். பிறகு பென்சிலைச் சீவினாள். என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். நன்றாகத் தெரியும்.

வாக்கியங்கள் துண்டுதுண்டாக இருக்கின்றன என்று ஓரத்தில் எழுதினாள். ஒரே சொல் அடிக்கடி வருகிறது என்று எழுதினாள். ஒட்டினாள், கோர்த்தாள், கட்டினாள். ஆறாம் பக்கம் இப்படி ஆயிற்று:

டொம்பிலான், மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, 'டொம், டொம், டொம்' என்று சத்தம் கேட்கும்படி நடந்தான்.

அடுத்த பக்கத்தில் தனியாக நின்ற டொம்மை, 'படமே போதும்' என்று அடித்தாள். கிச்சுமி காதுக்குள்ளிருந்து, "இன்னும் தூரமா?" "இல்லை." "இன்னும் தூரமா?" "இல்லை." "இன்னும் தூரமா?" என்று தொணதொணக்கிற பக்கம் ஒன்று உண்டு. அதை, 'கிச்சுமி, இன்னும் தூரமா என்று மூன்று முறை கேட்டது' என்று மடித்து வைத்தாள். எதிலும் பிழை கிடையாது. எந்தக் காற்புள்ளியைக் காட்டி யார் கேட்டாலும் பதில் உண்டு. கொலை செய்து கைரேகை இல்லாமல் வைப்பது போல அவ்வளவு சுத்தம். வாய்விட்டு மட்டும் வாசிக்கவில்லை, அன்றைக்கு.

இதில் மும்முரமாக இருந்ததில் இன்னொன்றும் நடந்தது. அது அவளுக்கு அப்போது தெரியாது.

எழுதியவர் ஒப்புதல் இல்லாமல் ஒரு புள்ளியும் மாறக் கூடாது என்பது விதி. புதன்கிழமை குட்டி வந்தாள். மழையில் நனைந்த செருப்பை வாசலில் உதறிவிட்டு வந்து, அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு, தோளோடு தோள் உரச உட்கார்ந்தாள்.

"அய்யோ, இத்தனை திருத்தமா! மானம் போச்சுக்கா. டொம்பிலானை மூணு விதமா எழுதியிருக்கேனா?"

"மூணு விதமா. கிச்சுமி அதுவா, அவளா?"

"அது."

"இந்த ஆறாம் பக்கத்துல வரிகளை ஒண்ணாச் சேர்த்திருக்கேன். சரியா குட்டி?"

குட்டி ஒரு நிமிடம் அதைப் பார்த்தாள். உதடு அசைந்தது. ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டாள்.

"நீ சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும். எனக்கு என்ன தெரியும்."

பக்கத்துக்குப் பக்கம் அக்கா கேட்டாள், "சரியா குட்டி?" பக்கத்துக்குப் பக்கம் தங்கை கையெழுத்துப் போட்டாள். ஒன்றுக்காவது சண்டை போட்டிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கழுதை, ஒன்றுக்கும் போடவில்லை.

வெள்ளிக்கிழமை பாய் வாசிப்பு. அந்தப் பதிப்பகத்துக்கே உள்ள வழக்கம் இது. எந்தப் படக்கதையும் அச்சுக்குப் போவதற்கு முன் பக்கத்திலுள்ள மழலைப் பள்ளியில் வாசிக்கப்படும். வாசிப்பவர் அதை முன்பின் பார்த்திருக்கக் கூடாது. எழுதியவர் பின்னால் உட்கார்ந்து வாயைத் திறக்கக் கூடாது. மெய்ப்புப் பார்த்தவர் எல்லாப் பிரதிகளோடும் ஓரமாக உட்கார்ந்து, வாசிப்பவர் எங்கே தடுக்குகிறார், எங்கே மூச்சு வாங்குகிறார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் பாயை விட்டு எழுந்தால் புத்தகம் அந்த வருடம் கிடையாது.

வாசிப்பவர் எப்போதும் கிடங்குக்காரர். குரலும் கிடையாது, நடிப்பும் கிடையாது, சரக்குச் சீட்டைப் படிப்பது போலப் படிப்பார். அவர் வாயில் ஒரு கதை எடுபட்டால், வேலை முடிந்து அலுத்துப்போய் வருகிற எந்த அப்பா வாயிலும் எடுபடும் என்பது எடிட்டரம்மாவின் கணக்கு.

இருபது பிள்ளைகள். குட்டிக் குட்டி நாற்காலிகள் சுவரோரம் அடுக்கப்பட்டிருந்தன. ஜன்னலில் காகிதப் பூக்கள். கிடங்குக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"டொம்பிலான், மேட்டில் ஏறி, பள்ளத்தில் இறங்கி," மூச்சு வாங்கினார். "டொம், டொம், டொம், என்று சத்தம், கேட்கும்படி... நடந்தான்."

பக்கத்தைத் திருப்பினார். சேற்றில் தலைகீழாக டொம்பிலான். அவர் வாசிக்க அங்கே ஒன்றும் இல்லை. பிள்ளைகளும் பார்த்தார்கள், அவரும் பார்த்தார். அடுத்த பக்கத்துக்குப் போனார்.

பத்தாம் பக்கத்தில் ஒரு பையன் எழுந்து ஜன்னலுக்குப் போனான். பிறகு இரண்டு பேர். பன்னிரண்டாம் பக்கத்தில் டொம்பிலானின் வீட்டு வாசல் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த, பள்ளிக்கூட ஆயாவின் பேத்தி, ஏழு வயசு, எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவள், படத்தில் விரலை வைத்தாள்.

"தாத்தா, இது இவன் வீடு இல்ல. இங்க வேற பேரு போட்டிருக்கு."

கதவுப் பலகையில் ஓவியர் தன் கையால் எழுதியிருந்தார்: டொம்பிளான். குட்டியின் பழைய பிரதியைப் பார்த்து வரைந்தது. படத்துக்குள் இருக்கிற எழுத்து, கணினியில் தேடினால் வராது, கண்ணால்தான் பிடிக்க வேண்டும். பதினோரு வருடத்தில் படத்துக்குள் ஒரு பெயரை அவள் தப்பவிட்டதில்லை. செவ்வாய்க்கிழமை அவள் கண் பெயரிலா இருந்தது?

அதற்குப் பிறகு பிள்ளைகள் பாயில் நிலைக்கவில்லை. பதினெட்டாம் பக்கத்தில் ஏழு பிள்ளைகள்தான் மிச்சம். அதிலும் ஒன்று தூங்கிவிட்டது.

டீச்சர் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அழைத்துப் போனார். எடிட்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"எனக்குப் புரியலை. முதல்ல படிச்சப்போ எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. சரி, வழக்கம்னா வழக்கம்தான். இது இந்த வருஷம் வேண்டாம்." அவள் பக்கம் திரும்பினார். "உன்னோடதை எடு. திங்கட்கிழமை ஓவியரைக் கூப்பிடறேன்."

கிடைத்துவிட்டது. மூன்று வருடம், பதினாறு திருத்தம், நாலாவது இடம். குட்டியைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

குட்டியின் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவள் எழுந்து வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! உன்னோடது வருதுக்கா! அம்மாகிட்ட நான்தான் முதல்ல சொல்லுவேன், நீ சொல்லாதே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மேடம், தப்பு என்மேலதான். நான் கன்னாபின்னான்னு எழுதிட்டேன். அக்கா ரெண்டு நாளா உட்கார்ந்து எவ்வளவோ சரி பண்ணிப் பார்த்தா. அவளாலயே முடியலைன்னா அது கதையே இல்ல, விடுங்க."

அவள் நடிக்கவில்லை. அதுதான் கொடுமை. பொறாமைப்படக்கூட இவளுக்குத் தெரியவில்லையே, அதையும் கடவுள் இவளுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டானே என்று அக்காவுக்குத் திகுதிகுவென்று எரிந்தது. இப்படி ஒருத்தியிடம் திருடித்தானா நான் ஜெயிக்க வேண்டும்? அக்கா திடீரென்று நல்லவள் ஆகிவிட்டாள் என்று நினைக்காதீர்கள். அந்தக் கையின் சூட்டைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். கையை உருவிக்கொண்டு, பையிலிருந்து திங்கட்கிழமைப் பிரதியை எடுத்தாள். பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்து, கதவுப் பலகையில் பென்சிலால் ளாவை அடித்து லா போட்டாள். கட்டை அப்படியே கிடங்குக்காரரிடம் நீட்டினாள்.

"அண்ணே, பசங்க வந்ததும் இதை வாசிங்க."

"அதேதானேம்மா?"

"அது இல்லண்ணே. இது வேற."

எடிட்டரம்மா புருவத்தைத் தூக்கினார். பிள்ளைகள் ஈரவாயோடு வந்து உட்கார்ந்தார்கள். பார்த்த படம்தானே என்று இரண்டு பேர் முனகினார்கள். கிடங்குக்காரர் அதே சரக்குச் சீட்டுக் குரலில் ஆரம்பித்தார்.

"டொம்பிலான் நடந்தான். டொம். டொம். டொம். மேட்டில் ஏறினான். டொம். டொம். டொம். பள்ளத்தில் இறங்கினான். டொம். டொம்."

நிறுத்தினார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். பக்கத்தைத் திருப்பினார்.

"டொம்."

இருபது பிள்ளைகளும் ஓவென்று சிரித்தார்கள். ஒரு பையன் வேண்டுமென்றே பாயில் தலைகீழாக விழுந்தான். கிச்சுமியின் "இன்னும் தூரமா?" இரண்டாம் தடவை வருவதற்குள் பிள்ளைகளே "இல்லை" என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கிடங்குக்காரருக்கே உற்சாகம் வந்து குரல் ஏறியது. முக்குமலை வந்தபோது ஒருவரும் எழுந்திருக்கவில்லை. "மறுபடி, மறுபடி" என்று பாயைத் தட்டினார்கள். ஒவ்வொரு தட்டும் அவள் நெஞ்சில் விழுந்தது. எரிச்சல் அடங்கியதா என்றால், இல்லை. இன்னும் அதிகமாகத்தான் எரிந்தது.

டீச்சர் பிள்ளைகளை வெளியே விளையாட அழைத்துப் போனதும், எடிட்டரம்மா இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ரெண்டும் உன் கையெழுத்துதானே?"

"ஆமா மேடம்."

"இதுல திங்கட்கிழமைத் தேதி. இவ்வளவு அழகா இருக்கு. செவ்வாய்க்கிழமை என்ன வந்தது உனக்கு?"

ஆயிரம் பதில் இருந்தது. வாக்கியம் துண்டாக இருந்தது, சொல் திரும்பத் திரும்ப வந்தது, பக்கத்தில் இடம் மிஞ்சியது. பதினோரு வருட அனுபவம், யார் மறுப்பார்கள்?

"பொறாமை வந்தது மேடம்," என்றாள்.

பிள்ளைகளின் சத்தம் வெளியே கேட்டது. எடிட்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்ப மாட்டினார்.

"அப்போ நாலாவது இடம் டொம்பிலானுக்கு," என்றார். "உன் கதையைப் பத்தி அப்புறம் பேசலாம்." எப்போது என்று சொல்லவில்லை. எழுந்து டீச்சரிடம் போய்விட்டார்.

குட்டி நின்ற இடத்திலேயே நின்றாள். கத்துவாள், அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அறைந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள்.

"என் பக்கத்துல உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமா, 'சரியா குட்டி, சரியா குட்டி'ன்னு கேட்டியேக்கா."

"கேட்டேன்."

"ஆறாம் பக்கத்துல எனக்குத் தோணிச்சு. ஏதோ செத்துப்போன மாதிரி இருக்கேன்னு. ஆனா அக்கா சொல்றாளே, எனக்குத்தான் தெரியலைன்னு நினைச்சேன்."

குட்டி கிடங்குக்காரர் கையிலிருந்த திங்கட்கிழமைப் பிரதியை வாங்கிவந்து, சுவரோரம் இருந்த இரண்டு குட்டி நாற்காலிகளை இழுத்துப்போட்டாள். முன்பு போல் ஒட்டிப் போடவில்லை, எதிரும் புதிருமாகப் போட்டாள். ஒன்றில் உட்கார்ந்து கட்டை அக்காவிடம் நீட்டினாள்.

"இதுல நீ எடுத்த ஆச்சரியக்குறி, மாத்தின பேரு, எல்லாம் முதல்லேர்ந்து வாய்விட்டு வாசிச்சுக் காட்டு. நான் கேட்டுட்டு, சரியா இல்லையான்னு நானே சொல்றேன். இனிமே நீ சொன்னேங்கிறதுக்காக நான் எதுலயும் கையெழுத்துப் போட மாட்டேன்க்கா."

அக்கா எதிரே இருந்த சின்ன நாற்காலியில் முழங்கால் மார்பில் இடிக்க உட்கார்ந்து, முதல் பக்கத்தைப் பிரித்து, வாசிக்க ஆரம்பித்தாள். முதல் வரி முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தாள். குட்டி உடனே தலையாட்டவில்லை.